மகளுக்குப் போட்ட மதிப்பெண்

எடை அளவு ஆய்வாளர் வருகிறார் என்றால் கடைத்தெருவே கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும். பத்து கிராம் குறைந்தாலும் தராசைப் பறிமுதல் செய்துவிட்டு, கடைக்காரர் கெஞ்சக் கெஞ்சக் காதில் வாங்காமல் போகிற மனிதர். இருபத்திரண்டு வருட வேலையில் ஓசித் தேநீர்கூடக் குடித்ததில்லை. அந்த நேர்மையெல்லாம் மகள் விளையாடும் பேட்மிண்டன் அரங்கின் வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைக்கப்படும்.

மகளுக்குப் பதினான்கு வயது. மாலை ஐந்தானால் கோர்ட்டுக்குப் பின்னால் இரும்பு நாற்காலியில் ஆய்வாளர் ஆஜர். வாழ்நாளில் ராக்கெட்டைத் தொட்டறியாதவர், அதை எப்படிப் பிடிப்பது என்று தொண்டை கிழியக் கத்துவார். ஆறு வாரத்தில் அணித் தேர்வு. மகள் அணிக்குள் வந்தே ஆகவேண்டும் என்று அவர் எப்போதோ முடிவு செய்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் அரங்கின் பெண் பயிற்சியாளர் ஒரு பயிலரங்குக்குப் போய்விட்டு வந்து, ஆளுக்கொரு தாளைக் கொடுத்தார். உன் ஆட்டத்துக்கு என்னென்ன வேண்டும் என்று உன் வார்த்தையிலேயே எழுது. ஒவ்வொன்றும் எவ்வளவு முக்கியம், இன்று எந்த நிலையில் இருக்கிறாய், எங்கே போக வேண்டும், மூன்றுக்கும் பத்துக்கு எண் போடு. போக வேண்டிய இடத்திலிருந்து இருக்கிற இடத்தைக் கழித்து, முக்கியத்துவத்தால் பெருக்கினால் எது பெரிதாக வருகிறதோ அதற்குத்தான் முதல் பயிற்சி. இது பரீட்சை இல்லை என்று தெளிவாகத்தான் சொன்னார். ஆனால் தாளை வீட்டுக்குக் கொண்டுபோக விட்டார். அது அவர் செய்த பிழை.

சாப்பாட்டு மேசையில் தாளைப் பார்த்த ஆய்வாளருக்கு மூச்சே நின்றுவிட்டது.

"பேக்ஹேண்டுக்கு மூணா? தன்னைத்தானே யாராவது ஃபெயில் பண்ணுவாங்களா?"

"உள்ளதை எழுதச் சொன்னாங்கப்பா."

"உள்ளதை எழுதினா எவன்மா டீம்ல எடுப்பான்?"

ரப்பர் வந்தது. புறங்கையால் அடிக்கும் அந்த அடிக்குப் போட்டிருந்த மூன்று ஒன்பதானது. பின்மூலைக்கு ஓடும் கால்வேகம் நான்கிலிருந்து ஒன்பதுக்குத் தாவியது. தூக்கத்துக்குப் போட்டிருந்த ஐந்தை மட்டும் பெருந்தன்மையாக விட்டுவிட்டார். தூங்குவதற்கு யார் கோப்பை கொடுக்கப் போகிறார்கள்?

மறுநாள் பயிற்சியாளர், தான் தனியாக எண் போட்டு வைத்திருந்த தாளை எடுத்தார். பேக்ஹேண்டுக்கு அவர் போட்டது நான்கு. இவ்வளவு வித்தியாசம் இருந்தால் உட்கார்ந்து பேச வேண்டும். பேசத்தான் செய்தார்.

"நிஜமாவே ஒன்பதா?"

பெண் இரும்பு நாற்காலியைப் பார்த்தாள். பதில் அங்கிருந்து வந்தது. "வீட்டுச் சுவத்துல அடிக்கிறப்ப நீங்க பாக்கணும் மேடம், பிரமாதம்!"

ஆடுபவரின் குரலுக்கு மதிப்புக் கொடு என்று பயிலரங்கில் சொல்லியிருந்தார்கள். கொடுத்தார். அது யாருடைய குரல் என்று பார்க்கவில்லை. கணக்குப் போட்டதில் பேக்ஹேண்டுக்குப் பத்து வந்தது, தூக்கத்துக்கு இருபத்தெட்டு. ஆறு வாரமும் பெண் ஒன்பது மணிக்குப் படுத்தாள், தூக்கக் குறிப்பேடு எழுதினாள், முகம் பளபளவென்று ஆனது. தேர்வில் எதிராளிப் பெண் நாலே அடியில் அந்தப் பேக்ஹேண்டைக் கண்டுபிடித்து, விடாமல் அங்கேயே போட்டாள். இரண்டு ஆட்டத்தில் இவளுக்குக் கிடைத்தது ஒன்பது புள்ளி, ஏழு புள்ளி. நன்றாகத் தூங்கி எழுந்து நன்றாகத் தோற்றாள்.

அடுத்த தேர்வு மூன்று மாதத்தில். அதுவும் போனால் இந்த வருடம் அணி கிடையாது.

"தப்பு என்னோடது" என்றார் பயிற்சியாளர். இந்த முறை பெண்ணை அரங்கிலேயே உட்காரவைத்து எழுதச் சொன்னார். ஆய்வாளர் வாசலில் நின்றார். அரை மணி கழித்து உள்ளே கூப்பிட்டார்கள்.

பேக்ஹேண்டு: எழுபது. அதற்கு மேலே புதிதாக ஒரு வரி இருந்தது. "அப்பா கத்தும்போது அதைக் காதில் வாங்காமல் ஆடுவது." முக்கியத்துவம் பத்து. இன்று ஒன்று. வேண்டியது ஒன்பது. பெருக்கினால் எண்பது. பயிற்சியாளரின் தாளிலும் அதே ஒன்று. இருவருக்கும் பேசித் தீர்க்க எந்த வித்தியாசமும் இல்லை.

ஆய்வாளர் கணக்கை இரண்டு முறை சரிபார்த்தார். தப்பு கிடைக்காதா என்று ஏங்கினார். கிடைக்கவில்லை. அவமானமாக இருந்தது, அதைவிட வலித்தது.

"சரிங்க மேடம்... நான் இனி வரலை."

"ஐயோ, வராம எப்படி சார்? நீங்கதானே பயிற்சிச் சாதனம்! தினம் இருபது நிமிஷம் வந்து கத்தணும். அவ கேக்காம ஆடிப் பழகணும்."

முதல் நாள் அவருக்குக் குரலே எழும்பவில்லை. "சத்தமா சார்" என்று பயிற்சியாளர் அதட்டினார். கத்தினார். மகள் திரும்பினாள். மறுநாளும் திரும்பினாள். மூன்றாவது வாரம், எதிரே ஆடியவள் அடித்த பந்து பேக்ஹேண்டுப் பக்கம் வந்தபோது, அவர் தன்னை மறந்து, பயிற்சியெல்லாம் மறந்து, நிஜமாகவே அலறினார்.

"கையை மடக்காத கண்ணு!"

அவள் கையை மடக்கினாள். பந்து வலையை ஒட்டி அந்தப் பக்கம் விழுந்தது. திரும்பிப் பார்க்காமல் அடுத்த பந்துக்குத் தயாரானாள்.

"அஞ்சு போடலாம்" என்றார் பயிற்சியாளர், தாளின் முதல் வரியில் இருந்த ஒன்றைப் பார்த்தபடி. "சார், விடாம கத்துங்க."