ஸ்டீரிங்கில் வைத்த மணிக்கட்டு

என் கணவர் தம்போய் என்ற ஊரில் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறார். இரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுபவர், திடீரென்று நிறுத்திவிட்டார். இணையத்தில் வாங்கிய, மணிக்கட்டில் மாட்டி அழுத்தம் அளக்கும் கருவிதான் காரணம். ஆட்கள் ஏறும்வரை ஓட்டுநர் இருக்கையிலேயே அளந்து பார்ப்பார். எப்போதும் நல்ல எண்தான் வரும்.

"நார்மலா இருக்குலா. அப்புறம் எதுக்கு மருந்து?"

அவருக்குப் பக்கவாதம் வந்துவிடுமோ என்று எனக்குப் பயம். பயம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும். இதை விடுவதில்லை என்று முடிவு செய்து, கிளினிக்குக்குப் போய் அங்கே நர்ஸாக இருக்கும் மிஸ்ஸியிடம் கேட்டேன்.

"அளக்கறப்போ கைய எங்க வைக்கிறாரு?" என்றார் அவர்.

மறுநாள் பஸ்ஸில் ஏறிப் பார்த்தேன். மணிக்கட்டு ஸ்டீரிங்கின் உச்சியில் இருந்தது. கை இதயத்தைவிட உயரத்தில் இருந்தால் எண் குறைத்துக் காட்டும் என்று மிஸ்ஸி சொல்லியிருந்தார். அதே கருவியோடு கையை நெஞ்சின் மட்டத்துக்கு இறக்கி வைக்கச் சொன்னேன். எண் ஏறியது.

"மெஷின் சரியில்ல," என்றார். தான் சரியில்லை என்று மட்டும் இவர் வாயில் வராது.

சரி, மெஷினையும் பார்த்துவிடுவோம் என்று அதைத் திருப்பி, அடியில் இருந்த மாடல் எண்ணைப் படித்தேன். துல்லியம் சோதித்து உறுதி செய்யப்பட்ட கருவிகளின் பட்டியல் இணையத்தில் இருக்கிறது, கம்பெனி பெயர் மட்டும் போதாது, மாடல் எண் அப்படியே இருக்க வேண்டும் என்பதும் மிஸ்ஸி சொன்னதுதான். போனில் அந்தப் பட்டியலைத் தேடிப் பார்த்தேன், அதே கம்பெனியின் வேறு மாடல்கள் இருந்தன. இது இல்லை. பெட்டியில் பெரிதாக அச்சடித்திருந்த பாராட்டெல்லாம் கம்பெனிக்காரன் தனக்குத்தானே எழுதிக்கொண்டது.

வேறு கருவி வாங்கப் போனபோது மருந்துக்கடைக்காரர் விரலில் மாட்டும் ஒன்றைக் காட்டினார். "அது வேணாங்க, விரல்ல அளக்கறத நம்ப முடியாது. மேல்கையில கட்டறது குடுங்க," என்றேன். கடையில் நின்றே அதன் மாடல் எண்ணைப் பட்டியலில் தேடிப் பார்த்தேன், இருந்தது. இவருடைய கை தடிமன். வீட்டிலேயே டேப்பால் மேல்கையின் சுற்றளவை எடுத்து வைத்திருந்ததால், அதற்குப் பொருந்தும் பெரிய பட்டையாகக் கேட்டு வாங்கினேன். சின்னப் பட்டையில் எண் கூட்டிக் காட்டும், இவர் அதையே சாக்காகப் பிடித்துக்கொள்வார்.

வீட்டில் முதுகு சாய்த்து, கால்களைத் தரையில் பதித்து, பேசாமல் ஐந்து நிமிடம் உட்காரவைத்தேன். பேசாமல் இருப்பதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. கையை நெஞ்சின் மட்டத்தில் மேசைமேல் வைத்து, வெறும் கையில் பட்டையைக் கட்டினேன்.

அழுத்தம் அதிகமாக இருந்தது. ஒரு நிமிடம் விட்டு மறுபடி அளந்தேன். அப்போதும் அப்படித்தான்.

நான் திட்டுவதற்குத் தயாராக இருந்தேன். அவர் பட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார்.

"இதோடயா பஸ் நெறைய ஆள ஏத்திக்கிட்டுப் போனேன்?"

திட்டாமல் நானே பட்டையைக் கழற்றிவிட்டேன். ஒரு நாளும் விடுப்பு எடுக்காத மனிதர் சூப்பர்வைசரைப் போனில் கூப்பிட்டார்.

"நாளைக்கு வேற டிரைவர போடுங்க. நான் கிளினிக் போகணும்."