கதவு திறந்திருந்ததா?

அந்தத் தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவள் ரிப்போர்ட் அக்கா. அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். பிளாஸ்டிக் வாளியும் மூடியும் வார்க்கிற இடம் அது. எந்திரக் கூடத்தை ஒட்டி, பெரிய கண்ணாடிச் சன்னலோடு ஒரு சின்ன அறை அவளுக்கு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசையாக எந்திரங்கள் அச்சைத் திறந்து, வாளியைத் துப்பி, மறுபடி மூடிக்கொண்டிருக்கும். இந்தப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர், ஒரு போன், ஆறிப்போன டீ. ஷிப்ட் சூப்பர்வைசர் வாட்ஸ்அப் குழுவில் போடும் செய்திகளைப் படித்து, முறையான பழுது அறிக்கையாக மாற்றுவது அவள் வேலை.

சூப்பர்வைசருக்குப் பட்டப்பெயர் கமென்ட்ரி. மனிதர் வாய் ஓயாது. பேச ஆள் இல்லாவிட்டால் போனில் பேசுவார். 'மூணாம் நம்பருக்கு ஜலதோஷம், மூக்கு ஒழுகுது' என்று வரும். உருகிய பிளாஸ்டிக் வெளிவரும் முனையில் கசிவு என்று அர்த்தம். 'அஞ்சாம் நம்பர் காலையிலேர்ந்து மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கு' என்று வரும். அதற்கு என்ன அர்த்தம் என்று கடவுளுக்கே தெரியாது. கேட்டால்தான் ஹீட்டர் சூடேறவில்லை என்பார். அதற்குக் கீழேயே யாரோ அனுப்பிய ரோஜாப்பூ காலை வணக்கம், யாருடைய மகனோ வாங்கிய மெடல், கேன்டீனில் உப்பு தூக்கல் என்ற புகார். சாயங்காலத்துக்குள் அந்த மூக்கொழுகல் எங்கோ மேலே ஏறிப் போயிருக்கும். அடுத்த மாதம் அதே முனை மறுபடி ஒழுகினால், முன்பு எப்போது ஒழுகியது, அப்போது என்ன செய்தார்கள் என்று பராமரிப்புப் பிரிவு தேடினால் ரோஜாப்பூதான் கிடைக்கும்.

அதனால்தான் அவள். எந்த எந்திரம், எந்த நேரம், கண்ணால் பார்த்தது என்ன, கையால் செய்தது என்ன, இப்போது ஓடுகிறதா, நிற்கிறதா, காரணம் தெரியுமா, ஆபத்து எவ்வளவு. இவ்வளவுதான் அறிக்கை. காரணம் என்ற கட்டத்தில் அவள் பெரும்பாலும் 'இன்னும் தெரியவில்லை' என்றே போடுவாள். எந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர் பார்த்துச் சொன்ன பிறகுதான் அது நிரம்பும்.

இந்தப் பிடிவாதம் அவளுக்கு வீட்டில் வந்தது. அவள் அண்ணனுக்குச் சிறு வயதுக் காய்ச்சலில் காது போய்விட்டது. வீட்டில் நாலு பேர் பேசுவதை அவள்தான் தாளில் எழுதிக் காட்டுவாள். மாமா கால்மணி நேரம் பேசியதைச் சுருக்கி 'மாமா கோபமா இருக்கார்' என்று எழுதினால் அண்ணன் தாளைத் தள்ளிவிடுவான். கோபம் என்று மாமா சொன்னாரா, நீயாகச் சொல்கிறாயா என்று கையாலேயே கேட்பான். வீட்டில் நடந்த பாதிச் சண்டை அதற்காகத்தான். இப்போது அவன் வேறு ஊரில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். தினமும் இரண்டு பேரும் மெசேஜில் வம்பளப்பார்கள்.

புதிதாக ஒரு செயலியும் வந்திருந்தது. கமென்ட்ரியின் செய்தியை அதில் போட்டால், கட்டங்களை அதுவே நிரப்பி வரைவு கொடுக்கும். வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். ஆனால் வெற்றிடம் என்றால் அதற்கு ஆகாது. யாரும் சொல்லாத காரணத்தையும் நல்ல மொழியில் எழுதி வைத்துவிடும். அதனால் அவள் ஒவ்வொரு வரைவையும் மூலச் செய்தியோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அனுப்புவாள்.

அன்று முற்பகல் வந்த செய்தி இது: 'ஏழாம் நம்பர் இன்னிக்கு ரொம்ப அவசரத்துல இருக்கு. கதவு விஷயத்துல கொஞ்சம் ஏமாத்துது. நம்ம ஆளு வாளி எடுக்கப் போனப்ப லேசா அசைஞ்சு பயமுறுத்திடுச்சு. கதவுல ரெண்டு தட்டு தட்டினேன், சாது ஆயிடுச்சு. புரொடக்‌ஷன் ஓடுது.' கடைசியில் கண்ணடிக்கும் பொம்மை ஒன்று. அதற்குக் கீழே நாலைந்து பேர் விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மை போட்டிருந்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது.

செயலி வரைவு கொடுத்தது. எந்திரம்: ஏழு. பழுது: கதவு சரியாக இயங்கவில்லை. நடவடிக்கை: சரிசெய்யப்பட்டது. நிலை: இயங்குகிறது. ஆபத்து: குறைவு.

பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அனுப்பு பொத்தான்மேல் அம்புக்குறி போய் நின்றது. வழக்கப்படி மூலச் செய்தியை இன்னொரு தடவை படித்தாள். 'லேசா அசைஞ்சு.' எது அசைந்தது? கதவா? கதவு அசைந்தால் யாராவது பயப்படுவார்களா? அசைந்தது அச்சாக இருந்தால், அந்த நேரம் கதவு எப்படி இருந்தது? கதவு திறந்திருக்கும்போது அச்சு மூடவே கூடாது. கதவு இருப்பதே அதற்குத்தான். திறந்த கதவுக்குள் கையை விட்டு வாளியை எடுப்பவனின் கைக்கு இருபுறமும் அச்சின் இரும்புப் பாதிகள் நிற்கும். அவை மூடும் வேகத்தைச் சன்னல் வழியாக நாள் முழுதும் பார்ப்பவள் அவள்.

செய்தி அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்க மனம் வரவில்லை. போன் போட்டாள்.

"அண்ணே, ஒரே ஒரு கேள்வி. ஏழாம் நம்பர்ல அசைஞ்சது எது?"

"அச்சுதாம்மா. ஒரு விரக்கடை அளவு. சும்மா சிணுங்கிச்சு."

"அப்ப கதவு திறந்திருந்ததா, மூடியிருந்ததா?"

"வாளி எடுக்கப் போனான்னு எழுதியிருக்கேனே. திறந்துதான் இருந்தது."

அவள் சன்னல் வழியாகப் பார்த்தாள். ஏழாம் எந்திரத்தின் முன் ஆபரேட்டர் கதவைத் தள்ளித் திறந்து, முழங்கைவரை உள்ளே விட்டு, வாளியை எடுத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, மெஷினை நிறுத்துங்க. இப்பவே."

"ஓடிக்கிட்டிருக்கும்மா, சாயங்காலம் லாரி வருது..."

"லாரி நிக்கட்டும். நிறுத்துங்க."

பதிலுக்குக் காத்திராமல் அவளே எழுந்து ஓடினாள். கூடத்துக்குள் இப்படி ஓடுபவர்களைக் கண்டால் திட்டுபவள் அவள். ஆபரேட்டர் அடுத்த வாளிக்காகக் கதவில் கை வைத்திருந்தான். "தம்பி, கையை எடு!" என்று அவள் போட்ட சத்தம் அத்தனை எந்திர இரைச்சலையும் தாண்டிப் போனது. அவன் திடுக்கிட்டுக் கையை இழுத்தான். பின்னாலேயே மூச்சிரைக்க வந்த கமென்ட்ரி சிவப்புப் பொத்தானை அழுத்தினார். அவர் முகம் கடுகடுவென்று இருந்தது.

பிட்டர் வந்தார். நிதானமான மனிதர், அவசரம் என்பதே அவர் அகராதியில் கிடையாது. எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, எந்திரத்தை அசையவிடாமல் கன்ட்ரோல் திரைக்கு மட்டும் மின்சாரம் கொடுத்தார். கதவை முழுக்கத் திறந்தார்.

"திரையைப் பாருங்க" என்றார்.

திரையில் 'கதவு மூடியுள்ளது' என்றிருந்தது. கதவோ ஆவென்று திறந்து கிடந்தது.

பிட்டர் கதவின் சட்டத்தை இரண்டு தட்டு தட்டினார். திரை மாறியது: 'கதவு திறந்துள்ளது.' மூடித் திறந்தார். முதல் முறை சரியாகக் காட்டியது. அடுத்த முறையும் சரி. அதற்கடுத்த முறை மறுபடி பொய் சொன்னது.

மெயின் சுவிட்சை அணைத்துத் தன் பூட்டைப் போட்டுவிட்டு உள்ளே பார்த்தார். கதவு திறந்ததை உணர்ந்து சொல்லும் சின்ன சுவிட்ச். அதன் நெம்புகோலில் கிரீசும் பிளாஸ்டிக் துகளும் சேர்ந்து பசையாக அப்பியிருந்தன. கதவு விலகிய பிறகும் நெம்புகோல் எழும்பவில்லை. தட்டினால் எழும்பியது.

"சரி, சுவிட்ச் ஏமாத்தினாலும் தடுப்புக் கம்பி இருக்கே?" என்றார் கமென்ட்ரி. குரல் இறங்கியிருந்தது. கதவு திறந்ததும் தானாக விழுந்து, அச்சு மூட முடியாமல் குறுக்கே நிற்கும் தடித்த கம்பியைச் சொன்னார் அவர்.

பிட்டர் டார்ச்சை மேலே திருப்பினார். கம்பி விழவில்லை. விழ வேண்டிய இடம் கிடைக்காமல், அச்சோடு நகரும் தண்டின்மேல் சும்மா உட்கார்ந்திருந்தது. "நேத்து அச்சு மாத்தினாங்க இல்ல? புது அச்சுக்கு ஏத்த மாதிரி இதை நகர்த்தி வைக்கணும். வைக்கல."

இரண்டு காவல்; இரண்டும் இல்லை. நடுவில் காலையிலிருந்து ஒரு மனிதனின் கை போய்ப் போய் வந்திருக்கிறது. எத்தனை தடவை என்று எண்ணிப் பார்க்க யாருக்கும் துணிவில்லை. எல்லோருடைய பார்வையும் தானாக ஆபரேட்டரின் வலக்கையில் போய் நின்றது. அவனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். விரல்களை மடக்கினான், விரித்தான். யாரோ அப்போதுதான் அதைக் கொடுத்ததுபோல.

அவளுக்குக் கண் நிறைந்தது. விபத்து என்றால் சத்தம் இருக்கும், கூட்டம் ஓடும், ரத்தம் இருக்கும். இங்கே ஒன்றுமே நடக்கவில்லை. அந்த ஒன்றுமில்லாமைக்கு முன்னால் ஏன் இப்படிக் கைகட்டி நிற்கிறோம் என்று அவளுக்குப் புரியவில்லை; ஆனாலும் நின்றாள்.

அறைக்குத் திரும்பி வரைவை அழித்துவிட்டு எழுத ஆரம்பித்தாள். வகை: நூலிழையில் தப்பிய விபத்து. அந்த வகையைத் தேர்ந்தால் பாதுகாப்பு அதிகாரிக்கும் மேலாளருக்கும் உடனே செய்தி போகும். அவர்கள் ஒப்புதல் தராமல் எந்திரத்தை மறுபடி ஓட்ட முடியாது. கமென்ட்ரி கதவோரம் வந்து நின்றார்.

"அம்மா, தட்டினேன்னு எழுதணுமா? அதை விட்டுடலாமா? பொழைப்பு போயிடும்."

"நீங்க தட்டினதும் சரியானதாலதான் சுவிட்ச் ஒட்டுதுன்னு தெரிஞ்சது அண்ணே. அது தடயம். உங்க பேரைப் போடல. 'கதவைத் தட்டியதும் அசைவு நின்றது. காரணம் அப்போது அறியப்படவில்லை.' இவ்வளவுதான்."

அவர் அந்த வரியை ஒருமுறை படித்தார். "சிரிச்சு சிரிச்சுல்ல எழுதினேன்" என்றார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். டீயை அவர் பக்கம் நகர்த்தினாள்.

பிறகு இரண்டு பேருமாகக் குழுவின் பழைய செய்திகளில் 'தட்டினேன்' என்று தேடினார்கள். மனிதர் எதை எதையெல்லாமோ தட்டியிருந்தார்! கதவைத் தட்டியதாக ஒன்று மட்டும் இருந்தது, நாலாம் எந்திரம். பிட்டர் போய்ப் பார்த்தார். வெறும் கீல் இறுக்கம், எண்ணெய் விட்டதும் தீர்ந்தது. இருந்தாலும் அன்று எல்லா எந்திரங்களின் கதவையும் சோதித்துவிட்டுத்தான் லாரியை அனுப்பினார்கள். அச்சு மாற்றியதும் தடுப்புக் கம்பி விழுகிறதா என்று பார்க்காமல் ஓட்டக் கூடாது என்று உத்தரவும் வந்தது. மேலாளர் கமென்ட்ரியைக் கூப்பிட்டு நிறையப் பேசினார், வேலை போகவில்லை. ஒரு வாரம் குழுவில் அவர் பொம்மையே போடவில்லை. எல்லோருக்கும் அது என்னவோபோல இருந்தது.

ஏழாம் எந்திரத்தை நிறுத்திய அன்று, ஷிப்ட் முடிந்ததும் ஆபரேட்டர் அவள் அறைக்கு வந்தான். குளித்து, சட்டை மாற்றி, வீட்டுக்குக் கிளம்பிய கோலம்.

"அக்கா, அந்த ரிப்போர்ட்டை நான் பார்க்கலாமா?"

திரையை அவன் பக்கம் திருப்பினாள். மெல்லப் படித்தான். 'ஆபரேட்டர் வாளியை எடுக்கக் கை நீட்டியபோது, கதவு திறந்திருந்த நிலையில், அச்சு ஒரு விரக்கடை மூடும் திசையில் நகர்ந்தது.' அந்த வரியில் வெகுநேரம் நின்றான்.

"எனக்கு ஒண்ணும் ஆகலன்னு எங்கே இருக்கு?"

அவள் கீழே ஒரு கட்டத்தைக் காட்டினாள். காயம் என்று ஒரு தலைப்பு. அதன் எதிரே ஒரே ஒரு சொல். இல்லை.

அவன் திரையில் அந்தச் சொல்லின்மேல் ஆள்காட்டி விரலை வைத்தான். எடுக்க மனமில்லாதவன்போல அப்படியே வைத்திருந்தான்.