சன்னலோரத்தில் இருந்த கப்

தென்காசிக்குத் திரும்பும் பஸ் மேலகரம் தாண்டும்போது சாரல் கன்னத்தில் அறைந்தது. குளிர் தாங்காமல் ஷட்டரை இறக்கினேன். இறக்கிய கையோடு எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மத்தியானம் குற்றாலத்தில், கல்லூரி ஆய்வகத்தின் சன்னலைத் திறந்து, மூடிக்கொள்ளாதபடி கயிறு போட்டுக் கட்டியது நான்தான். அதன் கீழேதான் என் தோழியின் கப் இருந்தது.

அன்று செய்முறை, நடுநிலையாக்கல் வெப்பம். தெர்மாகோல் கப்பில் ஐம்பது மில்லி அமிலம், அதே அளவு காரம், இரண்டும் ஒரு மோலார். கலந்ததும் வெப்பநிலை எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்துக் கணக்குப் போட வேண்டும். மோலுக்கு ஐம்பத்தேழு கிலோஜூல் பக்கம் வர வேண்டும். யாருக்கு நெருங்கி வருகிறதோ அவள் ஞாயிற்றுக்கிழமை பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டலாம் என்று மேடம் சொல்லியிருந்தார். வரப்போவது என் தோழி படித்த பள்ளி. செய்து காட்ட அவளுக்குத்தான் ஆசை, எனக்கு அது கிடையாது.

சுவரோரம் இருந்த எனக்கு ஐம்பத்தைந்து வந்தது. அவளுக்கு ஐம்பது.

"ஊத்தும்போது சிந்திட்டியாம்மா?" என்றார் மேடம்.

"இல்ல மேடம்."

"அப்போ சூடு எங்க போச்சு? அருவியில குளிக்கப் போச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். ஞாயிற்றுக்கிழமைக்கு என் பெயர். இருந்த ஒரே அட்டை மூடியை என் கப்பின் மேல் வைத்திருந்தேன் என்பதும் பஸ்ஸில்தான் உறைத்தது.

வீட்டுக்கு வந்ததும் அவளுக்குப் போன் போட்டேன். "ஏட்டி, கலந்த பிறகு அரை நிமிஷத்துக்கு ஒருக்கா ரீடிங் எடுத்தியே, அத அப்படியே சொல்லு."

"இப்ப எதுக்குட்டி? செத்த பாம்ப அடிக்கவா?"

சொன்னாள். வரைபடத்தாளில் புள்ளி வைத்தேன். என் கோடு மெல்லச் சாய்ந்தது. அவளுடையது சறுக்குமரம் மாதிரி இறங்கியது. உச்சத்தை அவள் பார்ப்பதற்குள்ளேயே காற்று கொஞ்சம் சூட்டைக் கொண்டுபோய்விட்டது. அந்தச் சரிவைக் கலந்த நொடி வரை பின்னோக்கி நீட்டினேன். ஆறு டிகிரி ஏற்றம் ஆறரை ஆனது. ஐம்பது, ஐம்பத்து நாலைத் தாண்டியது.

"நீ சிந்தவே இல்லட்டி. சாரக்காத்துதான். அந்தச் சன்னலத் தெறந்தது..."

"நீதான். பாத்தேனே." என்றாள். "காத்து வாங்குனது நீ, பேச்சு வாங்குனது நானா?"

"ஆமாட்டி" என்றேன்.

"சரி, அம்பத்தேழுக்கு மிச்சம் மூணு எங்கட்டி?" என்று அவளே கேட்டாள்.

கப்பும் தெர்மாமீட்டரும் கலக்கும் கம்பியும்கூடச் சூட்டை எடுத்துக்கொள்ளும். எவ்வளவு என்று நாங்கள் யாரும் அளக்கவில்லை. என் ஐம்பத்தைந்திலும் அந்த ஓட்டை இருக்கிறது.

நாளைக் காலை முதலில் சன்னல் விஷயத்தை மேடத்திடம், எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். பிறகு சன்னலைச் சாத்திவிட்டு, அவள் கப்பில் ஐம்பது மில்லி குளிர்ந்த நீர், அதன் மேல் ஐம்பது மில்லி வெந்நீர். வெந்நீர் இழந்ததில் குளிர்ந்த நீர் பெற்றது போக மீதி, கப்பும் மற்றதும் விழுங்கியது. அதைக் கணக்கில் சேர்த்து, அமிலத்தையும் காரத்தையும் மறுபடி கலக்க வேண்டும். மூடி அவளுக்கு. ஊற்றுவதும் அவள்தான்.