ஏழாமிடத்துச் செவ்வாய்

அமெரிக்காவில் கோடைக்காலம் வந்தால் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிடுவார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காக ஒத்தக்கடையில் என் அண்ணனின் மண்டை உடைந்தது.

அண்ணன் மகள் நியூ ஜெர்சியில் ஒரு ஜூலைக் காலையில் பிறந்தவள்; இப்போது வேலையும் அங்கேதான். ஆஸ்பத்திரிச் சான்றிதழில் இருந்தது கோடை நேரம். அண்ணன் அதில் ஒரு மணி நேரத்தைத் தானே கழித்து, கணினியில் கோடை நேரத் திருத்தத்தை நிறுத்திவிட்டு ஜாதகம் கணித்தான். கடக லக்னம். கழித்ததை யாரிடமும் சொல்லாமல் பிடிஎஃப்பை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டான், மகா புத்திசாலி! மாப்பிள்ளை டொராண்டோவில், அவன் வீட்டார் அலங்காநல்லூரில். நட்சத்திரப் பொருத்தம் பிரமாதம். பல மாதம் போனில் பேசிப் பழகி, கட்டினால் அவனைத்தான் என்று இருந்தாள் எங்கள் பெண்.

உறுதி செய்ய ஒத்தக்கடை மண்டபத்தில் கூடினோம். பழத்தட்டில் சாய்த்து வைத்த போனில், வீடியோ காலில், பிள்ளைகள் இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். முகூர்த்தம் குறிக்க வந்த ஜோசியர், பிடிஎஃப்பில் இருந்த நேரத்தைத் தன் லேப்டாப்பில் அடித்தார். ஜூலை, நியூ ஜெர்சி என்றதும் அது தானாகவே இன்னொரு மணி நேரத்தைக் கழித்தது. நட்சத்திரம் மாறவில்லை. லக்னம் மட்டும் மிதுனத்துக்கு நழுவியது. ஆறாமிடத்துச் செவ்வாய் ஏழாமிடத்துக்கு வந்து தோஷமாகிவிட்டது.

"பொய் ஜாதகமாடா குடுக்குற?" என்று எழுந்தார் மாப்பிள்ளையின் பெரியப்பா.

"யாரைப் பாத்து டா போடுற?" அண்ணன் அவர் சட்டையைப் பிடித்தான்.

அவர் குத்துவிளக்கைப் பிடுங்கி அடித்தார். எண்ணெயும் ரத்தமுமாக அண்ணன் சரிந்தான். அவர் மறுபடி ஓங்க, நான் பாய்ந்து அவர் மணிக்கட்டைக் கடித்தேன். பல் பதியக் கடித்தேன். இன்றுவரை அதில் எனக்கு வருத்தமே இல்லை. நாற்காலிகள் பறந்தன. போன் மட்டும் தட்டிலேயே இருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு அதே பெரியப்பா, கையில் கட்டோடும் ஒரு பை ஆப்பிளோடும் வந்தார். ஜோசியர் சான்றிதழ் நேரத்தை வைத்துத் திருத்திப் பார்த்துவிட்டாராம்.

"கடகந்தாம்மா. தோஷம் இல்ல. இம்புட்டுக்கும் அந்த ஒரு மணி நேரந்தான் காரணம். தேதி வச்சிருவோம்."

ஆத்திரத்தை விழுங்கிக்கொண்டு, பெண் ஆசைப்பட்டாளே என்று போன் போட்டேன். வெகுநேரம் அழுதாள்.

"அத்தை, அப்பா ரத்தத்துல கெடந்தாரு. நான் கத்துறேன், கட்டிக்கப்போறவரு ஸ்கிரீன்ல என்னையே பாத்துக்கிட்டு, 'ஜாதகத்தை மாத்துனது உனக்குத் தெரியுமா'ன்னு கேட்டாரு. அப்பா எப்படி இருக்காருன்னு இந்த நிமிஷம் வரைக்கும் கேக்கல. எனக்கு வேணாம் அத்தை."

போனை வைத்தேன். ஆப்பிள் பையை எடுத்து மாடிப்படியில் வீசினேன். பெரியப்பா உருண்ட ஆப்பிள்களைத் தாண்டி இறங்கிப் போனார்.