விற்றவர் பெயர்

ஊரே அவளைக் கணக்கக்கா என்றுதான் கூப்பிடும். மிளகாய் மூட்டை தைக்க வாங்கிய ஊசியைக்கூட எழுதி வைப்பவளை வேறெப்படிக் கூப்பிடுவதாம்? விதை, உரம், பறிப்புக் கூலி, விற்ற பணம், சொட்டுநீர்க் குழாய்க்கு வந்த மானியம் எல்லாம் தனித்தனிப் பக்கம். புருஷன் போன பிறகு அந்த நோட்டுதான் அவளுக்குத் தைரியம்.

அந்தக் கோடையில் ஆழ்துளைக் கிணறு வெறும் காற்றைத் துப்பியது. செடிகளோ பூவும் பிஞ்சுமாக நின்றன. கிணற்றை ஆழப்படுத்தக் கடன் கேட்டால், வருமானத்தைக் காட்டு என்றது வங்கி. இதென்ன பிரமாதம் என்று நோட்டைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மேலாளர் பொறுமையாகப் புரட்டினார். "கணக்கு சுத்தமா இருக்கும்மா. உர பில் உங்க பேர்ல இருக்கு. மானியமும் உங்களுக்குத்தான் வந்திருக்கு, ஆனா அது குழாய்க்கு ஒரு தடவை குடுத்தது, வருஷ வருமானத்துல சேராது. வித்ததுக்கு என்ன அத்தாட்சி?"

"மண்டிச் சீட்டு இருக்கே சார்."

"எல்லாம் உங்க அண்ணன் பேர்ல இருக்கே!"

இருக்காதா பின்னே! அடுத்தடுத்த நிலம், ஒரே வண்டி. இரண்டு பேர் சரக்கையும் அண்ணன்தான் ஏற்றிப்போவான். எதற்கு இரண்டு சீட்டு என்று மண்டியிலும் ஒன்றாகவே எழுதிவிடுவார்கள். மூட்டைக் கணக்குப்படி அவள் பங்கை அன்றைக்கே ரொக்கமாகக் கொடுத்துவிடுவான். ஒரு பைசா பிசகாது; வண்டி வாடகைகூடக் கேட்டதில்லை.

"எது உங்க சரக்குன்னு அண்ணன்கிட்டயும் மண்டியிலயும் எழுதி வாங்கிட்டு வாங்க" என்றார் மேலாளர்.

வீட்டுக்குப் போய்க் கேட்டதும் அண்ணனுக்கு முகம் செத்துவிட்டது. "அந்தச் சீட்டை மொத்தமா காட்டித்தாம்மா இந்த வண்டிக்கு லோன் வாங்குனேன். இப்பப் பாதி உன்னுதுன்னா, பொய் வருமானம் காட்டினேன்னு என் தலையில விழும். அப்ப எனக்குத் தோணவே இல்ல தங்கச்சி." பிறகு கையை நீட்டினான். "பரவால்ல. பேனா குடு, போடறேன்."

கதவோரம் அண்ணி மூச்சுவிடாமல் நின்றாள். அதைப் பார்த்த கணக்கக்காவுக்குப் பேனாவை நீட்டக் கை வரவில்லை.

"வேணாண்ணே" என்று திரும்பிவிட்டாள். வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். உழைத்தது பொய்யில்லை, எழுதியது பொய்யில்லை. ஆனாலும் காகிதத்தில் அவள் ஒரு மிளகாய்கூட விற்றதில்லை. என்ன அநியாயம் இது!

பிஞ்செல்லாம் கருகிக் கொட்டியது. மிஞ்சியதைக் காயவைத்ததில் ஒரே ஒரு மூட்டை தேறியது. அதைப் பேருந்தில் ஏற்றி மண்டிக்குக் கொண்டுபோனாள். "அண்ணன் பேர்தானேக்கா?" என்ற குமாஸ்தாவிடம், "என் பேர் போடுப்பா" என்றாள்.

சீட்டை வாங்கி வெளியே வந்தால் அண்ணன் வண்டியோடு நிற்கிறான். "ஏறும்மா, வீட்ல விடறேன்."

ஏறி உட்கார்ந்தாள். பாதி வழியில், கோபமே இல்லாமல், கணக்கு எழுதுகிறவளின் சாதாரணக் குரலில் கேட்டாள்: "வாடகை எவ்வளவுண்ணே?"

அவன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.