சூடான பாதங்கள்

அந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவில் அவளுக்குக் 'கால் சிஸ்டர்' என்று பெயர். புதிதாக ஒரு நோயாளி உள்ளே வந்தால் மற்றவர்கள் மானிட்டரைப் பார்ப்பார்கள். அவள் போர்வையைத் தூக்கிப் பாதத்தைத் தொடுவாள். பத்தொன்பது வருஷப் பழக்கம். வீட்டில் புருஷன் தூங்கும்போதுகூடத் தொட்டுப் பார்த்துவிடுவாள். "நான் இன்னும் இருக்கேன்டி, போய்ப் படு" என்று அவர் காலை இழுத்துக்கொள்வார்.

அவளுக்கு ஓரிடத்தில் உட்கார வராது. அன்று காலையும் அப்படித்தான் வளைய வந்துகொண்டிருந்தாள். பத்து மணிக்கு வார்டிலிருந்து ஒரு தையல்காரம்மாவை அனுப்பினார்கள். அறுபத்திரண்டு வயது, சர்க்கரை நோய், சிறுநீரில் கிருமி, லேசான காய்ச்சல். பிபி எண்பத்தாறு. இவள் பாதத்தைத் தொட்டாள். கதகதவென்று இருந்தது.

"சூடாதான் இருக்கு டாக்டர்" என்றாள்.

டியூட்டி டாக்டருக்கு அது போதும். கிருமி ரத்தத்தில் ஏறினால் ரத்தக்குழாய்கள் தளர்ந்து விரிந்துவிடும். இதயம் பறந்து பறந்து அடித்தாலும் பிபி நிற்காது. கை கால் சூடாக இருக்கும். அதற்கு மருந்தோடு சலைனும் வேண்டும். "வேகமா ஏத்துங்க. முதல் அரை லிட்டர் முடிஞ்சதும் அடுத்தது" என்றார்.

அரை லிட்டர் இறங்கியது. பிபி ஏறவில்லை. அந்த அம்மா இருமத் தொடங்கினார், படுக்க முடியாமல் எழப் பார்த்தார். கால் சிஸ்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. திரும்பத் திரும்ப மானிட்டரைப் பார்த்தாள். எண்பத்தாறுக்கு எழுபது. கிருமி வேலையென்றால் கீழ் எண் நாற்பது, ஐம்பதுக்கு விழுந்திருக்க வேண்டுமே? இரண்டு எண்ணும் ஏன் இப்படி ஒட்டிக்கொண்டு நிற்கின்றன?

சிறுநீர்ப் பையைச் சரிசெய்யக் குனிந்தபோது புறங்கை முழங்காலில் பட்டது. சில்லென்று, வேர்த்துப் பிசுபிசுத்தது. பாதத்தைத் தொட்டாள். அதுவும் இப்போது ஆறிக்கொண்டிருந்தது. விரல் நகத்தை அழுத்தி விட்டாள். ரத்தம் திரும்ப ஐந்து விநாடி பிடித்தது. சாய்ந்திருந்த கழுத்தில் நரம்பு தாடை வரை புடைத்து நின்றது.

அப்படியானால் முதலில் மட்டும் எப்படிச் சூடாக இருந்தது? அவசரமாகக் கதவுப் பக்கம் நடந்தாள். வெளியே அந்த அம்மாவின் மகள், கையில் ரப்பர் வெந்நீர்ப் பை.

"இது எங்க இருந்துச்சும்மா?"

"அம்மா காலடியிலதான்க்கா. இங்க அழைச்சிட்டு வரும்போது எடுத்துட்டேன்."

தொட்டது அந்த அம்மாவின் சூட்டை அல்ல, வெந்நீரின் சூட்டை.

திரும்பி வந்தபோது டாக்டரும் காலைத் தொட்டுக்கொண்டிருந்தார். "சூடா இருந்தது சில்லுன்னு ஆயிடுச்சு. கிருமி முத்திடுச்சு சிஸ்டர். இன்னொரு பாட்டில் மாட்டுங்க."

அவர் சொன்னதும் நடக்கக்கூடியதுதான். கிருமி முற்றினாலும் கால் குளிரும். அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் பெயருக்கு ஒரு பங்கமும் வராது. இன்னொரு பாட்டில் மட்டும் ஏறும். பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு அதைத் திரும்ப மேசையில் வைத்தாள்.

"மாட்ட மாட்டேன் டாக்டர். கால் மொதல்லயிருந்தே சில்லுதான். வெந்நீர்ப் பை வெச்சிருந்திருக்காங்க, நான் கேக்கல. தப்பு என்னோடது. கழுத்தைப் பாருங்க. தண்ணி காணாத உடம்புல நரம்பு இப்படிப் புடைக்குமா?"

டாக்டர் முகம் சிவந்தது. ஆனாலும் கழுத்தைப் பார்த்தார். முதுகில் ஸ்டெத்தை வைத்தார்; நுரையீரல் அடிவரை நொறநொறவென்றது. சலைனை அவரே நிறுத்திவிட்டு எக்கோ கருவியை இழுத்து வந்தார். திரையில் இதயத்தின் இடப்பக்கம் சுருங்கவே மறந்ததுபோல் அசைந்தது. சர்க்கரைக்காரருக்கு நெஞ்சுவலி தெரியாமலே மாரடைப்பு வந்திருந்தது. இதயம் தள்ள முடியாமல் திணற, ரத்தக்குழாய்கள் தம்மை இறுக்கிக்கொண்டு பிபியைத் தாங்கிப் பிடித்திருந்தன. அதனால்தான் அந்தக் குளிர், அந்த நெருங்கிய எண்கள். ஊற்றிய தண்ணீரெல்லாம் நுரையீரலில் தேங்கியிருந்தது.

இதயத்துக்குத் தெம்பு தரும் மருந்தை ஏற்றியபடியே அடைப்பை எடுக்கக் கொண்டுபோனார்கள். மதியம் மூன்று மணிக்கு, பிழைத்துக்கொள்வார் என்று செய்தி வந்தது. டாக்டர், "நல்லவேளை சொன்னீங்க" என்றார். அவளுக்கு அதைக் கேட்கக் கூச்சமாக இருந்தது.

வெளியே வந்தாள். மகள் ஓடி வந்தாள்.

"அக்கா, நான் பை வெச்சதாலதான் குழப்பமா? அம்மா காலு ஐஸா இருந்துச்சு, அதான் வெச்சேன்."

"காலு ஐஸா இருந்ததை யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேம்மா."

அந்தப் பெண் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்ககிட்டதான்க்கா சொன்னேன், உள்ள வரும்போதே. நீங்க கால தொட்டுப் பாத்துட்டு, 'அதெல்லாம் எங்களுக்குத் தெரியும், நீ வெளிய நில்லு'ன்னுட்டீங்க."