மொட்டைத் தலைப் படம்

என் மகளுக்குப் புற்றுநோய் என்று எனக்குச் சொன்னவர் எங்கள் போர்வெல் வண்டியின் சமையல்காரர். ராய்ப்பூருக்கு அப்பால் ஒரு சோளக்காட்டில் வண்டியை நிறுத்தியிருந்தோம். சோற்றைப் போட்டுக்கொண்டே தன் போனை என் முன்னால் நீட்டினார்.

“பாவம்ண்ணே, மதுரப் புள்ளையாம். மூளைல கட்டியாம். நானும் கொஞ்சம் போட்டு விட்டேன். நம்ம ஊர்ப் புள்ளயாப் போச்சு.”

படத்தில் மொட்டைத் தலையோடு ஒரு பெண் குழந்தை. அழுது வீங்கிய கண்கள். தலையில் பூசிய சந்தனத்தின் மஞ்சளை யாரோ அழித்திருந்தார்கள். கீழே ஆஸ்பத்திரி செலவு, பணம் அனுப்ப ஒரு எண், ‘உங்கள் ஒரு பகிர்வு ஒரு உயிர்’ என்று ஒரு வரி. ஓரத்தில் ஒரு கிழவரின் கை மட்டும் வெட்டுப்படாமல் நின்றிருந்தது. அந்தக் கையில் இருந்த கடிகாரம் என் மாமனாருடையது.

தட்டைக் கீழே வைத்தேன். சமையல்காரரிடம் அது என் மகள் என்று சொன்னேன். நான் செலவுக்குப் பணம் கேட்க வெட்கப்பட்டு மறைக்கிறேன் என்று அவர் நினைத்தார். நல்லாத்தான் இருக்கா என்று நான் சொல்லச் சொல்ல அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தப் படம் எனக்குப் புதிதில்லை. அழகர்கோவிலில் அவளுக்கு மூன்றாவது மொட்டை போட்டபோது எடுத்தது. என் மனைவிக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை. தாய்மாமன் மடிக்குப் பதிலாகத் தாத்தா மடியிலேயே உட்காரவைத்து முடி இறக்கினார்கள். நான் அப்போது ஒடிசாவில் இருந்தேன். அன்றே மாமனார் அதை முகநூலில் போட்டார். பேத்தியின் முழுப் பெயர், வயது, எந்த ஊர், எந்தக் கோவில், எல்லாம் எழுதியிருந்தார். நானும் ஒரு இதயம் அழுத்தியிருந்தேன்.

நான் ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன். பரோட்டாக் கடை, திருப்பூர் சாயப்பட்டறை, கோழிப்பண்ணை என்று சுற்றி, ஆறு வருடமாகப் போர்வெல் வண்டியில் இருக்கிறேன். ஒரு இடத்தில் மூன்று மாதம் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். என் மனைவியும் மகளும் மதுரை ஆனையூரில் மாமனார் வீட்டில் இருக்கிறார்கள். மனைவி ஒத்தக்கடையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். பிள்ளையைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போய், கூட்டிவந்து, சோறூட்டி வளர்ப்பது மாமனார்தான். ஆகையால் அந்த வீட்டில் இதைச் செய்யாதீர்கள் என்று சொல்லும் இடத்தில் நான் இருந்ததே இல்லை.

மறுநாளே கிளம்பிவிட்டேன். இரண்டு நாள் ரயில். பெட்டியில் எதிரே இருந்தவர்கள் போனைப் பார்க்கும்போதெல்லாம் என் மகளைத்தான் பார்க்கிறார்கள் என்று தோன்றியது. எழுந்து கதவோரம் போவேன், திரும்பி வருவேன், மறுபடி போவேன். மாமனாரின் பக்கத்தைத் திறந்து பின்னோக்கித் தள்ளிக்கொண்டே வந்தேன். அத்தனை நாளும் அவற்றை என் பிள்ளையின் படங்களாகப் பார்த்தவன், அன்றுதான் வேறு யாரோ ஒருவன் பார்ப்பதுபோல் பார்த்தேன். அழகர் மலை நூபுர கங்கையில் துணியில்லாமல் குளிக்கிறாள். பள்ளிச் சீருடையில் வாசல் பலகைக்கு முன்னால் நிற்கிறாள். ‘தினமும் எட்டரைக்கு நானும் என் செல்லமும்’ என்று எழுதி, நிற்கும் இடத்தின் பெயரையும் சேர்த்திருக்கிறார். ஒவ்வொரு படத்தின் கீழும் தேதிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு உலக உருண்டை. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதற்கு அதுதான் அடையாளம்.

வீட்டுக்குப் போனதும் அந்தப் புற்றுநோய்ச் செய்தியைக் காட்டவில்லை. மாமனாருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. காட்டாமலே சொல்லிப் பார்ப்போம் என்று நினைத்தேன்.

அவர் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மேலூர் ரோட்டில் அவரைத் தெரியாதவர் குறைவு. வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்.

“என்ன மாப்ள, சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கிறீக. வேலைய விட்டாச்சா?”

“இல்ல மாமா. பாப்பா போட்டோவ முகநூல்ல போடுறீகள்ல, அத இனிமே வேணாமேன்னு.”

“ஏன், யாரு கண்ணு வச்சா?”

“கண்ணு இல்ல மாமா. எவன் எவனோ பாக்குறான்.”

“எவன் எவனோ இல்ல. எல்லாம் என் பிரெண்டு.”

“மூவாயிரம் பேரா மாமா?”

“எல்லாரும் என் பஸ்ல ஏறுனவுகதான். ஏறுறேன்னு கை காட்டுறவன ஏத்தாமப் போக முடியுமா? முப்பது வருசம் அத ஒரு நாளும் செஞ்சதில்ல.”

“இவனுகள உங்களுக்கு மூஞ்சி தெரியாது மாமா.”

“பஸ்ல ஏறுறவன் மூஞ்சிய எல்லாம் எனக்குத் தெரியுமாக்கும்?” சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “நம்ம ஊருல காது குத்துனா ரோட்டுல பிளெக்ஸ் வைக்கிறாக. பிள்ளை மூஞ்சி ஆள் உயரத்துக்கு நிக்குது. அத எவன் வேணாம்னான்? இம்புட்டு நாள் அந்தப் போட்டோவப் பாத்துத்தான் நீங்க பிள்ள வளந்ததத் தெரிஞ்சுக்கிட்டீக. இப்ப வேணாங்கிறீக.”

அவர் சொன்னது உண்மை. மாலையில் மனைவி வந்ததும் மாடிக்கு அழைத்துப்போய் அவளிடம் மட்டும் செய்தியைக் காட்டினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். “எங்கப்பாகிட்டக் காட்டித்தான் ஆகணும்” என்றாள். “காட்டாம அவரு கேக்க மாட்டாரு. நானும் எத்தன தடவ சொல்லிருக்கேன். உங்களுக்குத்தான் அது தெரியாது, நீங்க லைக் போட்டுக்கிட்டு இருந்தீக.”

அவளே கீழே போய்க் காட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு இரண்டு தடவை படித்தார். தன் கையை அடையாளம் கண்டார் என்று நினைக்கிறேன், கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

இத்தோடு முடிந்தது என்று நாங்கள் இருவரும் நினைத்தோம்.

மறுநாள் காலை பேத்தியைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்தார், முகத்தில் தெளிவு. “முடிச்சு விட்டேன் மாப்ள” என்றார். என்ன என்று கேட்டேன். போனைக் கொடுத்தார். அந்தப் பொய்ச் செய்தியை எங்கெங்கே பகிர்ந்திருந்தார்களோ, கண்ணில் பட்ட இடத்தில் எல்லாம் கீழே பதில் எழுதியிருந்தார். ‘இது என் பேத்தி. நோய் நொடி ஒன்றும் இல்லை. நம்பாதவர்கள் நேரில் வந்து பார்க்கலாம்.’ அதோடு அன்று காலை எடுத்த புதுப் படம். தலை நிறைய முடி, ரிப்பன், சீருடை, பின்னால் பள்ளியின் பெயர். வகுப்பும் பிரிவும் எழுதி, தன் கைபேசி எண்ணையும் கொடுத்திருந்தார்.

பஸ்ஸில் யாராவது திருட்டுப் பட்டம் கட்டினால் பையைத் திறந்து காட்டுவதுதான் அவருக்குத் தெரிந்த வழி. அதையே செய்திருந்தார். அந்தப் பதிலுக்குக் கீழே அதற்குள் ஒருவன், “குட்டி அழகா இருக்கா, எந்த நேரம் ஸ்கூல் விடும்?” என்று கேட்டிருந்தான். சொந்த முகமில்லாத கணக்கு. சினிமா நடிகனின் படம்.

நான் அதை அவருக்குப் படித்துக் காட்டினேன். சத்தம் போடவில்லை. “மாமா, இவன் உங்க பஸ்ல ஏறுனவனா?”

அவர் மறுபடி வாங்கிப் படித்தார். “மூணே கால்னு எவனும் பதில் போடலயே?” என்று கேட்டார். போடவில்லை. “அப்ப அழிங்க” என்றார்.

மனைவிக்குப் போன் போட்டேன். அலுவலகத்தில் இருந்தபடியே அவள் வழி சொன்னாள், நான் செய்தேன். முதலில் அழிக்கக் கூடாது. பொய்ச் செய்தியையும் அதன் இணைய முகவரியையும் அந்த ஆளின் கேள்வியையும் ஸ்கிரீன்ஷாட்டாகப் பிடித்து வைக்க வேண்டும், சைபர் கிரைமில் கேட்டால் காட்ட. பிறகு ஒவ்வொரு பதிலையும் நீக்க வேண்டும். பிறகு மாமனாரின் அமைப்புகளுக்குள் போய், பழைய பதிவுகளை எல்லாம் ஒரே அழுத்தலில் நண்பர்கள் மட்டும் பார்க்கும்படி சுருக்க வேண்டும். சுருக்கினேன். உலக உருண்டைகள் எல்லாம் இரண்டு தலைகளாக மாறின.

“இப்ப சரியா?” என்றார் மாமனார்.

“நண்பர்களே மூவாயிரம் பேர் மாமா.”

அவர் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டார். ஆட்களை இறக்க அவருக்கு மனம் வரவில்லை. அதனால் படங்களை இறக்கினோம். பக்கத்தின் உச்சியில் இருக்கும் முகப்புப் படத்தைப் பொது என்பதிலிருந்து மாற்ற வழியே இல்லை என்று தெரிந்தது, அதில் பேத்தி இருந்தாள், அதை நீக்கி அழகர் மலையை வைத்தார். குளிக்கும் படம் வந்தபோது என் கையிலிருந்து போனை வாங்கித் தானே அழித்தார். ஒவ்வொன்றையும் அழிக்கும் முன் ஒரு வார்த்தை சொன்னார். இது காய்ச்சல் விட்ட அன்னிக்கு. இது மொதப் பல்லு விழுந்தது. இது நீங்க வாரேன்னு சொல்லிட்டு வராத தீபாவளி.

முகநூலில் இருந்த பொய்ச் செய்தியைப் புகார் செய்தோம். பதின்மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் படம், நான் தகப்பன் என்று சொல்லி ஒரு படிவம். மூன்று பிரதிகள் இரண்டு நாளில் போயின. ஒன்று போகவில்லை, மறுபடி கொடுத்தோம். வாட்ஸ்அப்பில் கை மாறிப் போனவற்றை யாராலும் திரும்ப அழைக்க முடியாது என்று மனைவி சொன்னாள். பள்ளியில் போய், எங்கள் மூவரைத் தவிர யாரிடமும் பிள்ளையை அனுப்பக் கூடாது என்று எழுதிக் கொடுத்தோம். மாமனாரும் கையெழுத்துப் போட்டார்.

மூன்றாவது வாரம் எனக்குக் கால் அரிக்க ஆரம்பித்தது. வண்டி தெலுங்கானாவில் நிற்பதாகச் சொன்னார்கள், போனேன். இப்போது சாப்பாட்டு நேரத்தில் போனைத் திறந்தால் மாமனாரின் பக்கத்தில் மலை மட்டும் இருக்கிறது. எனக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொன்னேன்.

“போட்டோ எடுக்கிறதயே விட்டேன் மாப்ள” என்றார்.

“எனக்கு மட்டும்தான மாமா.”

“பிள்ளய நேருல பாக்கலாம். ஆனையூருக்கு பஸ் இருக்கு.”

கோபமா, கேலியா தெரியவில்லை. பல் விழுந்த இடத்தில் புதுப் பல் முளைத்திருப்பதாக மகள் போனில் சொல்கிறாள். எவ்வளவு பெரிசு என்று கேட்டால், விரலை வைத்துக் காட்டுகிறாள் போலிருக்கிறது, அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை.